நீராவி கண்டென்சருக்குக் குழாய் நீளம் கண்டுபிடிப்பது எப்படி: பினாங்குத் தண்ணீருக்கு ஒரு முழுக் கணக்கு

பல வருடங்களுக்கு முன், பிறை பக்கம் ஒரு தொழிற்சாலையில் சீனிப்பாகு சுண்டவைக்கும் வெற்றிட ஆவியாக்கிக்குப் புதுக் கண்டென்சர் ஒன்று வந்து இறங்கியது. ஓடவிட்ட முதல் நாளிலிருந்தே வெற்றிடம் பிடிக்கவில்லை. கண்டென்சரில் ஆவி 50 டிகிரியில் தண்ணீராக வேண்டும்; அது 60-ஐத் தாண்டி நின்றது. பாகும் அதற்கேற்ப அதிகச் சூட்டில் கொதித்து நிறம் கறுத்தது. வெற்றிடப் பம்பைப் பிரித்துப் பார்த்தோம், கேஸ்கெட் எல்லாம் மாற்றினோம், காற்று எங்கே நுழைகிறது என்று மூட்டு மூட்டாகத் தேடினோம். இரண்டு வாரம் போனது. கடைசியில் வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன எண் கண்ணில் பட்டது: உள்ளே வரும் குளிர்நீர் 20 டிகிரி. எங்கள் கூலிங் டவர் 31 டிகிரிக்குக் கீழே தண்ணீர் தந்ததே இல்லை.

இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை. குழாய்தான் குட்டையாக இருந்தது. அந்தக் கணக்கை இங்கே முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கி இருக்கிறேன், அவ்வளவுதான்.

கையில் இருப்பது என்ன

நொடிக்கு 1 கிலோ நீராவி வருகிறது. அது 50 டிகிரியில் தண்ணீராக மாற வேண்டும். நீராவி அட்டவணையில் 50 டிகிரிக்கு நேரே பார்த்தால் அழுத்தம் 12.35 கிலோபாஸ்கல், மறைவெப்பம் கிலோவுக்கு 2382 கிலோஜூல். இந்த 12.35 என்பது முழு அழுத்தம், கேஜ் அழுத்தம் அல்ல. வெற்றிட மானியில் இது பாதரசக் கணக்கில் ஏறக்குறைய 667 மில்லிமீட்டர் என்று காட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் வெப்பநிலையே தப்பாகிவிடும், அதற்கு மேல் செய்வதெல்லாம் வீண்.

தண்ணீர் 31 டிகிரியில் நுழைந்து 41 டிகிரியில் வெளியேறட்டும். பினாங்கில் ஈரக்குமிழ் வெப்பநிலை 27 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கூலிங் டவர் தண்ணீரை அதற்குக் கீழே இறக்க முடியாது, அதைத் தொடவும் முடியாது. நான்கைந்து டிகிரி மேலேயே நிற்கும். ஆகவே இங்கே கணக்குத் தொடங்கும் எண் 31 அல்லது 32. பாடப்புத்தகங்களில் வரும் 15-உம் 20-உம் குளிர்நாட்டு ஆற்றுத் தண்ணீருக்கானவை.

ஒரு பக்கம் வெப்பநிலை மாறாதபோது என்ன நடக்கிறது

நீராவி தண்ணீராகும்போது வெப்பத்தை இழக்கிறது, ஆனால் வெப்பநிலை இறங்குவதில்லை. அழுத்தம் மாறாதவரை குழாயின் வெளிப்பக்கம் முழுவதும் 50 டிகிரிதான். உள்ளே போகும் தண்ணீர் மட்டும்தான் சூடேறுகிறது. குழாயில் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டில் தண்ணீர் வாங்கும் வெப்பமும் சுவர் வழியாக வரும் வெப்பமும் ஒன்று:

```
m cp dT = U π D (Ts − T) dx
```

இங்கே m ஒரு குழாயில் நொடிக்குப் போகும் தண்ணீர், cp தண்ணீரின் தன்வெப்பம், Ts நீராவியின் வெப்பநிலை, T அந்த இடத்தில் தண்ணீரின் வெப்பநிலை, D குழாயின் வெளிவிட்டம், U மொத்த வெப்பக்கடத்துத் திறன். தண்ணீர் சூடேறச் சூடேற Ts − T என்ற இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் வெப்பம் வருவதும் குறைகிறது. முதல் மீட்டரில் ஏறும் அளவு கடைசி மீட்டரில் ஏறாது. இதை நுழைவாயிலிலிருந்து வெளிவாயில் வரை கூட்டினால் வருவது:

```
L = (m cp / (U π D)) × ln[(Ts − Ti) / (Ts − To)]
```

Ti நுழையும் வெப்பநிலை, To வெளியேறும் வெப்பநிலை. நாம் தேடும் நீளம் இதுதான். அடைப்புக்குள் இருக்கும் முதல் பகுதிக்கும் மீட்டர்தான் அலகு. அதை இந்தக் கண்டென்சரின் சொந்த அளவுகோல் என்று நான் எடுத்துக்கொள்வேன். அந்த அளவுகோல் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு பக்கமும் வெப்பநிலை மாறும் வெப்பமாற்றிகளில், எதிரெதிர் ஓட்டமா, ஒரே திசை ஓட்டமா, எத்தனை பாஸ், அதாவது தண்ணீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எத்தனை முறை ஓடுகிறது என்றெல்லாம் பார்த்துத் திருத்தக் காரணி போட வேண்டும். இங்கே அது தேவையில்லை. தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், எத்தனை முறை திரும்பினாலும், அதைச் சுற்றி இருப்பது அதே 50 டிகிரி. திருத்தக் காரணி எப்போதும் 1.

வெப்பமும் தண்ணீரும்

நொடிக்கு 1 கிலோ, 2382 கிலோஜூல். ஆக 2382 கிலோவாட். தண்ணீர் 10 டிகிரி ஏறுகிறது, அதன் தன்வெப்பம் 4.18. 2382-ஐ 41.8 ஆல் வகுத்தால் நொடிக்கு 57 கிலோ தண்ணீர் வேண்டும். நீராவி ஒரு கிலோ என்றால் தண்ணீர் ஐம்பத்தேழு கிலோ. பம்ப் வாங்குகிறவர் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

எத்தனை குழாய்

நீளத்துக்கு முன்னால் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். அதை முடிவு செய்வது தண்ணீரின் வேகம். நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போனால் சேறு படியும். செம்பு-நிக்கல் குழாயில் வேகம் ரொம்பக் கூடினால் நுழைவாயிலில் அரிப்பு வரும். நான் 1.8 மீட்டர் எடுக்கிறேன்.

குழாய்: வெளிவிட்டம் 19.05 மில்லிமீட்டர், உள்விட்டம் 16.56 மில்லிமீட்டர், 90/10 செம்பு-நிக்கல். நம் கடைக்காரர்கள் முக்கால் இஞ்ச் என்பது இதைத்தான். இந்த உள்விட்டத்தில், இந்த வேகத்தில் 57 கிலோ தண்ணீரைக் கொண்டுபோக 148 குழாய் வேண்டும். இது ஒரு பாஸில் இருக்கும் குழாய்களின் எண்ணிக்கை. இந்த வார்த்தையை மறக்காதீர்கள், பின்னால் வரும். ஒரு குழாயில் போகும் தண்ணீர் நொடிக்கு 0.385 கிலோ.

U: கணக்கு தவறுவது இங்கேதான்

மேலே உள்ள சூத்திரத்தில் மற்ற எல்லாம் அளந்தோ அட்டவணையிலிருந்தோ வருபவை. U மட்டும் நாம் கட்ட வேண்டியது. நீராவியிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் போகும் வழியில் நான்கு தடைகள் இருக்கின்றன. அவற்றை ஒரே பரப்பின் அடிப்படையில் கூட்ட வேண்டும். நான் வெளிப்பரப்பை எடுக்கிறேன். உள்பக்கத் தடைகளை விட்டங்களின் விகிதமான 1.15 ஆல் பெருக்கினால் அவை வெளிப்பரப்புக் கணக்குக்கு வந்துவிடும்.

உள்பக்கத் தண்ணீருக்கு: சராசரி வெப்பநிலை 36 டிகிரியில் ரெனால்ட்ஸ் எண் ஏறக்குறைய 42,000 வருகிறது, நல்ல கொந்தளிப்பு ஓட்டம். டிட்டஸ்-போயெல்டர் சமன்பாட்டில் போட்டால் நசெல்ட் எண் 213. அதிலிருந்து சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 8050 வாட் என்று கிடைக்கிறது.

வெளிப்பக்க நீராவிக்கு: ஒற்றைக் கிடைக்குழாய்க்கு நசெல்ட்டின் படலக் கோட்பாட்டைப் போட்டால் 13,000 வரை வரும். ஆனால் கட்டாக அடுக்கிய குழாய்களில் மேலே உருவான தண்ணீர் கீழே உள்ள குழாயின் மேல் சொட்டிப் படலத்தைத் தடிப்பாக்குகிறது. பத்து வரிசை இருந்தால் 7,400-க்கும் 9,000-க்கும் நடுவில் எங்கோ நிற்கும். 8000 எடுத்துக்கொள்கிறேன்.

சுவர் மெல்லியது, செம்பு-நிக்கல் வெப்பத்தை நன்றாகவே கடத்தும், அதன் தடை சின்னது.

அப்புறம் அழுக்கு. பதப்படுத்திய கூலிங் டவர் தண்ணீருக்கு, வெப்பமாற்றி உற்பத்தியாளர் சங்கத்தின் டெமா தரம் தரும் அழுக்குத் தடை 0.000176. இந்த எண்ணைச் சேர்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். நான்கையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் காரணம் புரியும்:

```
நீராவிப் படலம்   1/8000            = 0.000125
சுவர்                              = 0.000027
அழுக்கு         0.000176 × 1.15   = 0.000202
தண்ணீர்         1.15/8050         = 0.000143
மொத்தம்                            = 0.000497
U = 1/0.000497                    ≈ 2010
```

அழுக்கு மட்டும் மொத்தத் தடையில் ஐந்தில் இரண்டு பங்கு. அதை விட்டுவிட்டால் U ஏறக்குறைய 3390 ஆகிவிடும். தாளில் கண்டென்சர் அழகாகச் சுருங்கும். முதல் மாதம் ஓடும், ஆறாவது மாதம் நிற்கும். நீராவிப் பக்க எண்ணைத் துல்லியமாக்க மணிக்கணக்காக உட்கார்ந்து, அழுக்கு எண்ணை ஒரு நிமிடத்தில் ஊகிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நேரத்தை மாற்றிச் செலவழியுங்கள். உங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு, குழாயை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை துலக்குவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பெரிய பலன் தரும்.

நீளம்

இப்போது அளவுகோல். ஒரு குழாயின் m cp 1610 வாட், டிகிரிக்கு. U π D என்பது 2010 × 3.1416 × 0.01905, அதாவது 120.3. வகுத்தால் 13.4 மீட்டர்.

இடைவெளி நுழைவில் 50 − 31 = 19, முடிவில் 50 − 41 = 9. விகிதம் 2.11, அதன் இயல் மடக்கை 0.747.

```
L = 13.4 × 0.747 ≈ 10.0 மீட்டர்
```

பத்து மீட்டர் என்பது தண்ணீர் நடக்க வேண்டிய மொத்தத் தூரம். கண்டென்சரின் உடல் நீளம் அல்ல. இரண்டு பாஸ் வைத்தால் 296 குழாய், ஒவ்வொன்றும் 5 மீட்டர். நான்கு பாஸ் வைத்தால் 592 குழாய், ஒவ்வொன்றும் 2.5 மீட்டர். மொத்தக் குழாய் எப்போதும் 1480 மீட்டர்தான், பரப்பு எப்போதும் 88.6 சதுர மீட்டர்தான்.

பாஸ் எண்ணிக்கையில் தடுமாறுவது இப்படித்தான்: 296 குழாய் என்று பார்த்தவுடன் 57 கிலோவை 296 ஆல் வகுத்துவிடுவார்கள். ஒரு குழாயில் தண்ணீர் பாதியாகும், நீளம் 5 மீட்டர் என்று வரும். சரி, 5 மீட்டர்தானே விடை என்று தோன்றும். ஆனால் அதையே ஒரு பாஸின் நீளம் என்று நினைக்காமல் மொத்தத் தூரம் என்று எடுத்து மறுபடி இரண்டால் வகுத்தால், 2.5 மீட்டர் குழாய் 296 வாங்கி வைப்பீர்கள். அது வேண்டியதில் பாதி. எந்த வழியில் போட்டாலும் கடைசியில் மொத்தப் பரப்பை ஒருமுறை சரிபாருங்கள்: வெப்பத்தை U-ஆலும் சராசரி இடைவெளியாலும் வகுத்தால் அதே 88.6 வர வேண்டும்.

சராசரி இடைவெளி என்றதும் இன்னொன்று. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி இதே கணக்கில் 4.3 மீட்டர் என்று கொண்டுவந்தான். "அண்ணே, நீளம் ரொம்பக் குறைவா வந்திருக்கு, செலவு மிச்சம்," என்றான்.

"மடக்கைச் சராசரி எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"30.8, அண்ணே."

"பெரிய இடைவெளியே 19 தானே தம்பி. சராசரி அதைவிடப் பெரிசா எப்படி வரும்?"

கால்குலேட்டரில் ln-க்குப் பதிலாக log பொத்தானை அழுத்தியிருந்தான். சரியான மடக்கைச் சராசரி 10/0.747, அதாவது 13.4. (குழாயின் அளவுகோலும் 13.4 மீட்டராக வந்தது இந்த எண்களில் நேர்ந்த தற்செயல், இரண்டும் வேறு.) சாதாரணச் சராசரி 19-க்கும் 9-க்கும் நடுவில் 14. மடக்கைச் சராசரி எப்போதும் சாதாரணச் சராசரியைவிடக் கொஞ்சம் கீழே, சின்ன இடைவெளியைவிட மேலே இருக்கும். அதற்கு வெளியே போனால் கணக்கு தப்பு. இந்தச் சோதனைக்கு ஐந்து நொடிதான் ஆகும்.

அந்த 20 டிகிரி என்ன செய்தது

எல்லாவற்றையும் அப்படியே வைத்துத் தண்ணீரை மட்டும் 20 டிகிரியில் நுழைத்து 30-இல் வெளியே விடுங்கள். இடைவெளி 30-இல் தொடங்கி 20-இல் முடிகிறது. 1.5-இன் இயல் மடக்கை 0.405. நீளம் 5.4 மீட்டர். இங்கே வேண்டியதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்.

அந்த 5.4 மீட்டர் குழாய் பினாங்குக்கு வந்தால் என்ன ஆகும்? வரும் நீராவி நொடிக்கு 1 கிலோ. அது எங்கேயும் போக முடியாது, இங்கேதான் தண்ணீராகியாக வேண்டும். தண்ணீரும் 10 டிகிரி ஏறியே தீரும். 5.4 மீட்டரில் 10 டிகிரி ஏற வேண்டுமானால் தொடக்க இடைவெளி 30 டிகிரி வேண்டும். ஆகவே அழுத்தம் தானாக ஏறி, நீராவி 31 + 30 = 61 டிகிரியில் போய் நிற்கும். அட்டவணையில் 61 டிகிரிக்கு நேரே ஏறக்குறைய 20.9 கிலோபாஸ்கல். 12.35-க்குப் பதில் 20.9. எங்கள் பாகு கறுத்தது இதனால்தான். குழாய் குட்டையானால் கண்டென்சர் வேலை செய்யாமல் நின்றுவிடாது. தனக்கு வேண்டிய இடைவெளியைத் தானே அழுத்தம் ஏற்றி உண்டாக்கிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் குறையைப் பார்த்தால் பம்பின் குறை போலவே தெரிகிறது.

இதே வழியில் சுத்தமான புதுக் குழாயையும் கணிக்கலாம். U 3390 என்றால் அளவுகோல் 7.9 மீட்டராகச் சுருங்கும். நம் 10 மீட்டர் குழாயில் தொடக்க இடைவெளி 14 போதும், நீராவி 45 டிகிரிக்கு இறங்கும், அழுத்தம் 9.6. புதிதாக ஓடவிடும் நாளில் வெற்றிடம் வரைபடத்தில் உள்ளதைவிட நன்றாக இருந்தால் கணக்கு சரி என்று அர்த்தம். முதல் நாளே வரைபடத்து எண்ணில் நின்றால் கவலைப்பட வேண்டும்.

இன்னும் நெருங்கலாமா

தண்ணீர்ப் பம்பைச் சின்னதாக்க வேண்டும் என்று, வெளியேறும் தண்ணீரை 41-க்குப் பதில் 47, 48 என்று கேட்பவர்கள் உண்டு. அளவுகோல் 13.4 என்றால், ஒவ்வொரு 9.3 மீட்டருக்கும் இடைவெளி பாதியாகிறது. 19 டிகிரி 9.5 ஆக 9.3 மீட்டர். அது 4.75 ஆக இன்னொரு 9.3 மீட்டர். முதல் பாதியில் தண்ணீருக்குக் கிடைத்தது 9.5 டிகிரி, அடுத்த பாதியில் அதே செலவுக்கு 4.75 டிகிரி. 50-ஐத் தொட வேண்டுமானால் குழாய்க்கு முடிவே இல்லை. முடிவு இடைவெளி மூன்று டிகிரிக்குக் கீழே போகும் வரைபடத்தை யாராவது நீட்டினால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அங்கே மானியில் ஒரு டிகிரி பிசகினாலும் நீளம் பல மீட்டர் மாறிவிடும்.

50 டிகிரி உண்மையிலேயே மாறாமல் இருக்கிறதா

கணக்கு முழுதும் நிற்பது இந்த ஒரு நம்பிக்கையில்தான். அது உடையும் இடங்களைப் பார்ப்போம்.

பாகிலிருந்து வரும் ஆவி சில டிகிரி அதிகச் சூட்டோடு வரும். ஏனென்றால் பாகு சுத்தத் தண்ணீரைவிட மேலான வெப்பநிலையில் கொதிக்கும். இது பயப்பட வேண்டியதில்லை. பத்து டிகிரி அதிகச் சூடு கிலோவுக்கு 19 கிலோஜூல்தான், 2382-க்கு முன்னால் ஒன்றுமில்லை. Ts-க்கு ஆவியின் வெப்பமானி காட்டுவதை எடுக்காமல் அழுத்தத்துக்குரிய செறிவு வெப்பநிலையை எடுங்கள், போதும்.

நீராவிப் பக்க அழுத்த இழப்பு அப்படி இல்லை. வளிமண்டல அழுத்தத்தில் 1 கிலோபாஸ்கல் இழந்தால் வெப்பநிலை 0.3 டிகிரிகூட மாறாது. இந்த வெற்றிடத்தில் அதே 1 கிலோபாஸ்கல் 1.6 டிகிரியைத் தின்றுவிடும். நமக்கு இருக்கும் சராசரி இடைவெளியே 13.4 தான். குழாய்களை நெருக்கி அடுக்கி நீராவிக்கு வழி விடாமல் கட்டினால் 50 டிகிரி மேலே மட்டும்தான் இருக்கும்.

மூன்றாவது காற்று. வெற்றிடத்தில் ஓடும் எதிலும் காற்று நுழையும். அது தண்ணீராக மாறாது, குழாயைச் சுற்றிப் போர்வை போலத் தங்கிவிடும். குழாய் குட்டையா, காற்றா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. காற்று வெளியேற்றும் குழாய்க்குப் பக்கத்தில் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஒன்றாக அளந்து பாருங்கள். அழுத்தம் 12.35, வெப்பநிலை 47 என்று வந்தால், 47-க்குரிய நீராவி அழுத்தம் 10.6 தான். மீதி 1.7 கிலோபாஸ்கல் காற்று. அளந்த வெப்பநிலை அழுத்தத்துக்குரிய வெப்பநிலையோடு ஒத்துப்போனால் காற்று குறைவு. குறை பரப்பிலோ அழுக்கிலோ இருக்கிறது. எங்கள் கண்டென்சரில் இரண்டும் ஒத்துப்போயின. அதை முதல் நாளே அளந்திருந்தால் அந்த இரண்டு வாரமும் மிஞ்சியிருக்கும்.

கடைசியில் அதை எப்படிச் சரிசெய்தோம் என்றால், பழையதைக் கழற்றவில்லை. ஒரு பக்கம் வெப்பநிலை மாறாததால், தண்ணீர் நடக்கும் தூரங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். 5.4 மீட்டர் ஏற்கெனவே இருக்கிறது, வேண்டியது 10. இன்னும் 4.6 மீட்டர் தூரமுள்ள இரண்டாவது கண்டென்சரைத் தண்ணீர்ப் பாதையில் தொடராக இணைத்து, நீராவியை அகலமான குழாய் வழியாக இரண்டுக்கும் பிரித்து விட்டோம். தண்ணீர் எதில் முதலில் நுழைந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் குழாய் போட வசதியான பக்கத்திலிருந்து நுழைத்தோம். பாதை நீண்டதால் தண்ணீர்ப் பக்க உராய்வும் ஏறக்குறைய இரட்டித்தது. பம்பின் இம்பெல்லரை ஓர் அளவு பெரிதாக மாற்ற வேண்டியிருந்தது.